கூப்பிடு தூரம்

இந்தத் தடவை ஒரு லாட்ஜைப் பற்றி எழுதப் போகிறேன். விளம்பரம் இல்லை. பெயரே சொல்லப் போவதில்லை.

என் மனைவியின் பிறந்த ஊர் சிவகாசி. அவள் அண்ணன் மகன் நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு தங்கும் விடுதியை எடுத்து நடத்த ஆரம்பித்தான். இருபத்தாறு ரூம், கீழே ஒரு சாப்பாட்டுக் கடை, மேலே சின்ன ஹால். பாங்கு கடன் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் ரூம் கிடைக்காது. மற்ற மாதங்களில் பாதி ரூம் பூட்டிக் கிடக்கும். வெப்சைட் ஒன்று போட்டால் ஆள் வருவார்கள் என்று சொன்னார்கள். ஆங்கிலத்தில் போட்டான். பிறகு அதையே தமிழிலும் போட ஆசைப்பட்டு யாரிடமோ கொடுத்து வாங்கினான். வாங்கியதை என்னிடம் அனுப்பி, "மாமா, எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்றான்.

நான் எழுத்துப் பிழை பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. சந்திகூடச் சரியாக இருந்தது. ஆனால் படித்தவன் எவனும் அந்த லாட்ஜுக்கு வரமாட்டான் என்று தோன்றியது. ஏன் என்று யோசித்துக்கொண்டே போனதில் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தமாகக் கடையோ விடுதியோ மருத்துவமனையோ நடத்தும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படிக்கக் கொடுங்கள்.

முதலில் அந்தத் தமிழ் எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

"இந்தியாவின் பட்டாசுத் தலைநகரத்தின் இதயத்தில் கூடமைந்துள்ள எங்கள் ஹோட்டல், பகுத்தறியும் பயணிகளுக்கு ஆடம்பரமும் வசதியும் கச்சிதமாகக் கலந்த அனுபவத்தை வழங்குகிறது. ரசனையுடன் நியமிக்கப்பட்ட அறைகளும் பாராட்டுக்குரிய காலை உணவும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. பேருந்து நிலையம் கல்லெறி தூரத்தில் உள்ளது."

பாராட்டுக்குரிய காலை உணவு என்றால் இலவசக் காலை உணவு. ஆங்கிலத்தில் 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பாராட்டு என்று ஒரு பொருள், காசு வாங்காமல் கொடுப்பது என்று இன்னொரு பொருள். மொழிபெயர்த்தவர் முதல் பொருளை எடுத்துக்கொண்டார். அதனால் இட்லி, பொங்கல், காபி இலவசம் என்ற நல்ல செய்தி தமிழ் படிப்பவருக்குப் போகவே இல்லை. அறைகளை 'நியமித்த' கதையும் அப்படித்தான். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு நியமனம் என்றால் ஆர்டர்தான் ஞாபகம் வரும். அறைக்கு யார் ஆர்டர் கொடுத்தார்கள்?

கல்லெறி தூரம் என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. கல்லெறிந்தால் சண்டை. நாம் சொல்வது கூப்பிடு தூரம். 'இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும்' என்பதில் தூரமும் தெரிகிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்ற தைரியமும் வருகிறது. ஆங்கிலக்காரன் கல்லை வைத்து அளந்தான், நாம் குரலை வைத்து அளந்தோம். அளக்கும் தூரம் ஒன்றுதான்.

ஹோட்டல் என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. விருதுநகரிலும் சிவகாசியிலும் 'ஹோட்டலுக்குப் போகிறேன்' என்றால் சாப்பிடப் போகிறான் என்று பொருள். தங்குவதற்கு லாட்ஜ். ஊருக்கு ஊர் இந்தச் சொல் வேஷம் மாறும். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் 'ஓத்தெல் த வீல்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது சாப்பிடும் இடமும் இல்லை, தங்கும் இடமும் இல்லை, நகராட்சிக் கட்டடம். வெளியூர்க்காரர் ஒருவர் அந்தத் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பரோட்டா பார்சல் உண்டா என்று போன் செய்திருக்கிறார். 'தங்கும் விடுதி' என்று தலைப்பில் போட்டு, உள்ளே 'ரூம்' என்றே எழுதினேன். வெறும் விடுதி என்றால் மாணவர் விடுதி என்றும் நினைப்பார்கள். அறை என்பது நல்ல தமிழ்தான். ஆனால் போனில் யாரும் 'அறை காலியாக உள்ளதா' என்று கேட்பதில்லை.

இப்படி ஒவ்வொன்றாகத் திருத்தி, இரண்டு நாளில் தவறில்லாத தமிழாக ஒன்று தயார் செய்தேன். மருமகனிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா நம்ம லாட்ஜப் பத்தின மாதிரி இல்லையே" என்றான். வேலை உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது. தவறில்லாமல் இருப்பது வேறு, வரவழைப்பது வேறு.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வாரம் தவறாமல் மொழிபெயர்ப்புப் பயிற்சி உண்டு. அன்னிய மொழியிலிருந்து நம் மொழிக்குக் கொண்டுவந்தால் அதற்கு 'வெர்சியோன்' என்று பெயர். நம் மொழியிலிருந்து அங்கே கொண்டுபோனால் 'தேம்'. சொல்லுக்குச் சொல் எழுதினால் வாத்தியார் ஓரத்தில் சிவப்புக் கோடு போடுவார். பல வருஷம் கழித்து வினே, தார்பெல்னே என்ற இருவர் 1958இல் எழுதிய புத்தகத்தைப் பற்றிப் படித்தேன். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் ஒப்பிடும் புத்தகம் அது. மொழிபெயர்க்க ஏழு வழிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். சொல்லை அப்படியே கடன் வாங்குவது முதல் வழி. கடைசி வழிக்குத் தழுவல் என்று பெயர் வைக்கலாம். ஒரு ஊரில் இருக்கும் நிலைமை இன்னொரு ஊரில் இல்லவே இல்லையென்றால், அதே வேலையைச் செய்யும் வேறொரு நிலைமையை எடுத்துப் போடுவது தழுவல்.

அந்த இருவரையும் யோசிக்க வைத்தது கனடா நாட்டுச் சாலைப் பலகைகளாம். ஆங்கிலத்தில் 'ஸ்லோ' என்று இருந்ததை அங்கே பிரெஞ்சில் 'மெதுவாக' என்று எழுதியிருந்தார்கள். அர்த்தம் சரி. ஆனால் பிரான்சில் ஒருவன் முதன்முதலில் தானே பலகை எழுதினால் 'வேகத்தைக் குறைக்கவும்' என்றுதான் எழுதியிருப்பான். ஆங்கிலத்தைப் பார்க்காமல் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான் என்பதுதான் கேள்வி.

அதே கேள்வியை எங்கள் லாட்ஜுக்குப் போட்டுப் பார்த்தேன். ஆங்கில வெப்சைட் என்று ஒன்று இல்லவே இல்லை, சிவகாசிக்கு வருகிறவரிடம் ரூமைப் பற்றித் தமிழில் சொல்ல வேண்டும், என்ன சொல்வோம்? வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் இதற்குப் பதில் வராது. ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். இரண்டு நாள் ரிசப்ஷனில், போன் எடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். யார் கேட்டாலும் என்ன கேட்டார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன். அது ஆடி மாதம். ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும் சமயம், ஏஜெண்டுகள் வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரும், இருக்கன்குடி மாரியம்மனும், சதுரகிரி அமாவாசையும் அதே மாதம். எல்லா வகை ஆட்களும் போன் செய்யும் நாட்கள்.

கேட்டவை இவைதான். "ஃபேமிலியோட தங்கலாமா?" இதுதான் எல்லாவற்றையும்விட அதிகம். "சுடுதண்ணி எப்ப எப்ப வரும்?" "வேன் உள்ள வருமா, தெருவுலதான் நிறுத்தணுமா?" "லிஃப்ட் இருக்கா? அம்மாவுக்கு மூட்டுவலி." "பக்கத்துல சைவக் கடை இருக்கா?" "டிரைவர் எங்க படுப்பாரு?" "காலைல அஞ்சு மணிக்கு டிரெயின்ல வந்து இறங்குறோம், ரெண்டு நாள் வாடகை போடுவீங்களா?" ஆடியிலேயே பட்டாசு வாங்க வருகிறவர்கள் உண்டு, அவர்கள் கேட்டது: "வாங்குன பட்டாச ரூம்ல வச்சுக்கலாமா?"

ஆடம்பரம் இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அனுபவம் வழங்குவீர்களா என்றும் கேட்கவில்லை. வெப்சைட்டின் ஆங்கிலத்தையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேள்விகளில் இரண்டுக்குத்தான் ஆங்கிலத்தில் பதில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த வாக்கியங்களில் பாதிக்கு மேல் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்.

ஆங்கிலம் எழுதியவரைக் குறை சொல்லவில்லை. பெங்களூரிலோ மும்பையிலோ உட்கார்ந்து, பார்க்காத ஊரில் பத்து ஹோட்டல்களை ஒப்பிடுகிறவருக்காக எழுதியது அது. அவருக்குப் 'பெரிய ஊர் ஹோட்டல் மாதிரி இருக்கும்' என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைப் பழகிய சொற்களால் கொடுக்கிறார்கள். தமிழில் படிக்கிறவர் வேறு ஆள். அவர் பெரும்பாலும் குடும்பத்தோடு வருகிறார். வண்டி எடுத்து வருகிறார், அல்லது நாலு பேர் சேர்ந்து பஸ்ஸில் வருகிறார். புகழ்ச்சியைக் கேட்டால் அவருக்குச் சந்தேகம்தான் வரும். 'இவ்வளவு சொல்றானே, என்ன குறையோ' என்பார். அவருக்கு வேண்டியது தன் கவலைக்குப் பதில்.

அதனால் ஆங்கில வாக்கியங்களை இரண்டாகப் பிரித்தேன். கையால் தொட்டுக் காட்டக்கூடியவை ஒரு பக்கம்: ரூம் எத்தனை, ஏசி, லிஃப்ட், இலவசக் காலை உணவு. தொட்டுக் காட்ட முடியாதவை இன்னொரு பக்கம்: ஆடம்பரம், கச்சிதம், அனுபவம், வீட்டுக்கு வெளியே ஒரு வீடு. இரண்டாவது பக்கத்தை மொழிபெயர்க்கவே இல்லை. அதற்குப் பதிலாக, அந்தச் சொல்லை எந்த உண்மையை நம்பி எழுதினீர்கள் என்று மருமகனைக் கேட்டேன். 'வீட்டுக்கு வெளியே ஒரு வீடு' என்பதற்கு அவன் என்ன ஆதாரம் சொன்னான் தெரியுமா? "சின்னப் பிள்ளைக்குப் பால் காய்ச்சணும்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கும் அடுப்பு தருவோம் மாமா." இதை அல்லவா எழுத வேண்டும்! 'கைக்குழந்தை இருந்தால் பால் காய்ச்ச எந்நேரமும் சமையலறைக்கு வரலாம்' என்று எழுதினேன். ஒரு வரிதான். வீடு என்ற சொல்லே அதில் இல்லை.

'ஃபேமிலியோட தங்கலாமா' என்ற கேள்விக்கு இன்னும் நிதானம் வேண்டும். அதற்கு 'குடும்பத்துடன் தங்கச் சிறந்த இடம்' என்று பதில் எழுதினால் பிரயோஜனமில்லை. எல்லா லாட்ஜும் போர்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கேட்பவர் மனதில் இருப்பது வேறு. குடிக்கிறவர்கள் வராந்தாவில் சத்தம் போடுவார்களா, ராத்திரி கதவைத் தட்டினால் யாராவது வருவார்களா, பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைக்குப் போகலாமா என்பதை நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரே கேள்வியாகக் கேட்கிறார். எனவே எழுதியது இது: 'இங்கே பார் கிடையாது. மாடியில் குடிக்க அனுமதி இல்லை. இரவு முழுவதும் ரிசப்ஷனில் ஆள் இருப்பார். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு முதல் மாடியில் ரூம் ஒதுக்குகிறோம்.' குடும்பத்துக்கு ஏற்றது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை, படிப்பவரே சொல்லிக்கொள்வார்.

இங்கே ஒரு சங்கடம் வந்தது. காலை ஐந்து மணி ரயில் கேள்விக்கு எழுத நல்ல பதில் இல்லை. சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பிச் செங்கோட்டை போகும் ரயிலில் வருகிறவர்கள் விடிவதற்கு முன்னாலோ விடியும்போதோ சிவகாசியில் இறங்குவார்கள். லாட்ஜின் நாள் கணக்கோ பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம். ஐந்து மணிக்கு ரூம் எடுத்தால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை. ஆங்கிலத்தில் 'செக்-இன் பன்னிரண்டு மணி' என்று போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். தமிழில் இதை எந்த இனிப்பான சொல்லால் எழுதினாலும் படித்தவுடன் கசக்கும். "இது என் வேலை இல்லை மாப்ளே, உன் வேலை" என்று நோட்டை அவனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் யோசித்தான். கணக்கைப் பார்த்தான். ரூம் எடுத்த நேரத்திலிருந்து இருபத்து நாலு மணி நேரம் என்று மாற்றினான். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி வாரங்களில் மட்டும் பழைய கணக்கு. அதையும் தேதியோடு அப்படியே எழுதினோம். வார்த்தையால் சரிசெய்ய முடிந்தது எது, வியாபாரத்தில் சரிசெய்ய வேண்டியது எது என்பது இப்படி எழுதும்போதுதான் தெரிய வருகிறது.

அடுத்தது வாக்கியத்தின் வடிவம். ஆங்கிலத்தில் 'எங்கள் ஹோட்டல்' என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பெருமைகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தொங்கவிடலாம். தமிழில் அதே வாக்கியத்தைப் போட்டால் பெருமையெல்லாம் முன்னால் வந்து நிற்கும். 'நகரின் மையத்தில் அமைந்துள்ள, நவீன வசதிகள் கொண்ட, சுவையான உணவு வழங்கும் எங்கள்...' என்று போய், பெயர் வருவதற்குள் மூச்சு முட்டும். அதை நாலு சின்ன வாக்கியங்களாக உடைத்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி.

அரசாங்கக் கடிதத் தமிழ் இன்னொரு ஆபத்து. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து, ஆபீஸ்களில் தமிழில் எழுத ஆரம்பித்தபோது ஆங்கிலக் கோப்பைப் பார்த்தே எழுதினார்கள். அதில் பிறந்தது 'விருந்தினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்', 'வழங்கப்படும்', 'அனுமதிக்கப்பட மாட்டாது'. நானும் அதே மொழியில்தான் ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினேன். யார் செய்கிறார் என்று சொல்லாமல் இருப்பது ஆபீசுக்குச் சௌகரியம். கூப்பிடுகிற இடத்தில் அது சரிப்படாது. 'சுடுநீர் வழங்கப்படும்' என்பதைவிட 'ரூமிலேயே கீஸர் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் சுடுதண்ணீர் கிடைக்கும்' என்பது மேல். 'இப்போதே முன்பதிவு செய்யுங்கள்' என்பது ஆங்கிலத்தில் அழைப்பு, தமிழில் உத்தரவு. 'வரும் தேதியையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள், ரூம் எடுத்து வைக்கிறோம்' என்று மாற்றினேன். சொல்கிறவர் நாங்கள், கேட்கிறவர் நீங்கள் என்று ஆனவுடனே பாதி வேலை முடிந்தது.

தழுவல் என்று சொல்லி எல்லாவற்றையும் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது. விதிமுறைகள் இருக்கின்றன. வாடகை, முன்பணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், ஆதார் காட்ட வேண்டும் என்பவை. அவை ஆங்கிலத்தில் என்னவோ அதேதான் தமிழிலும் இருக்க வேண்டும். வர்ணனையைத் தழுவலாம், விதியைத் தழுவக் கூடாது. இதைப் பார்க்கும்போதுதான் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. படித்ததும் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது.

'தீப்பற்றாத பொருட்களை அறைகளுக்குள் கொண்டுவருவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.'

ஆங்கிலத்தில் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருந்தது. 'இன்' என்று ஆரம்பித்தாலே 'இல்லாத' என்று மொழிபெயர்த்தவர் எடுத்துக்கொண்டார். ஆனால் இந்தச் சொல்லில் உள்ள 'இன்' இல்லை என்ற பொருளில் வந்ததல்ல. 'தீ மூட்டு' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தீப்பற்றக்கூடிய பொருள் என்பதே அர்த்தம். பிரெஞ்சில் படித்தவனுக்கு இதில் தடுமாற்றம் வராது. அங்கே தீப்பற்றுவது 'அன்ஃப்ளமாப்ள', தீப்பற்றாததற்கு முன்னால் இன்னொரு 'இன்' சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் உண்டு என்று தெரிந்துதான் அமெரிக்காவில் தீத்தடுப்பு அமைப்பினர் 1920களிலேயே அந்த 'இன்'னை விட்டுவிட்டு 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

வேறு ஊர் லாட்ஜாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சிவகாசியில் முடியாது. ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவிட்டது. நேரில் வந்து வாங்கும் குடும்பங்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, பகலில் ரூமில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ரூமில் ஏசி ஓடும், கொசுவத்தி எரியும், ஒருவர் சிகரெட் பிடிப்பார். அந்த வரியைச் சரியான தமிழில் எழுதினால் மட்டும் போதுமா என்றும் யோசித்தேன். 'எரியக்கூடிய பொருட்களுக்குத் தடை' என்றால் படிப்பவருக்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய்தான் ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு வாங்கிய கம்பி மத்தாப்பு ஞாபகம் வராது. பட்டாசு என்று பெயர் சொல்ல வேண்டும். கூடாது என்று மட்டும் சொன்னால் ஒளித்துக்கொண்டு வருவார்கள். வேறு என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

எழுதியது இது: 'பட்டாசை ரூமுக்குள் கொண்டுவர வேண்டாம். கீழே நிறுத்தும் வண்டிக்குள்ளும் வைக்க வேண்டாம். கம்பி மத்தாப்பும் பட்டாசுதான். ஊருக்குக் கிளம்பும்போது கடைசி வேலையாக வாங்குங்கள். முன்னாலேயே வாங்கிவிட்டால் பில் போட்டுக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் பட்டாசு கொண்டுபோக அனுமதி இல்லை.' கடைசி வரி ஆங்கிலத்தில் இல்லாதது. மருமகனைக் கேட்டுக்கொண்டு சேர்த்தேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவில் இதற்கு மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதைத் தெரியாமல் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். இந்தப் பத்தியைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம். ஆட்களை விரட்டிவிடுமோ என்று மருமகன் முதலில் தயங்கினான். குழந்தைகளோடு வருகிறவருக்குப் பக்கத்து ரூமில் பட்டாசு இல்லை என்று தெரிவதைவிட வேறென்ன நல்ல செய்தி வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டான்.

முழுவதும் எழுதி முடித்த பிறகு இரண்டு சோதனை வைத்தேன். ஆங்கிலத்தைப் பார்த்திராத ஒருவரிடம், அதாவது என் மனைவியிடம், தமிழை மட்டும் கொடுத்து, படித்த பிறகும் போன் செய்து கேட்க என்ன பாக்கி இருக்கிறது என்று கேட்டேன். "வாடகைக்கு மேல எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவுன்னு போடலையே" என்றாள். போட்டோம். இரண்டாவது சோதனை, போன் எடுக்கும் பெண்ணையே சத்தமாகப் படிக்கச் சொன்னது. எந்த இடத்தில் நாக்கு இடறியதோ, எந்த இடத்தில் அவள் குரல் செய்தி வாசிக்கும் குரலாக மாறியதோ, அங்கெல்லாம் இங்கிலீஷ் இன்னும் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆறு இடம் கிடைத்தது.

முடிந்த பக்கம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்:

'குட்டி ஜப்பானுக்கு வாங்க. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். பட்டாசு வாங்க வந்தாலும், காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்தாலும், திருத்தங்கல் பெருமாளையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளையும் சேவிக்க வந்தாலும் நிம்மதியாகத் தங்கலாம். காலைச் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கிடையாது. லிஃப்ட் இருக்கிறது. வேன் உள்ளே வந்து நிற்கும். டிரைவருக்குப் படுக்கத் தனி இடமும் குளிக்க வசதியும் உண்டு.'

பட்டாசுத் தலைநகரம் என்பது வெளியே இருப்பவர்கள் சொல்வது. நேரு சூட்டியதாகச் சொல்லும் குட்டி ஜப்பான் என்ற பெயர்தான் நம் ஜனங்கள் வாயில் இருக்கிறது. அதனால் அதையே வைத்தோம். விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பது ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ரூம்கள் நிரம்பி வழிகின்றன என்று சொன்னால் அது கதை. பூட்டிக் கிடந்த ரூம்களில் சில திறந்திருக்கின்றன, அதற்கும் வெப்சைட் மட்டும் காரணமில்லை. ஆனால் போன் எடுக்கும் பெண் ஒன்று சொன்னாள். முன்பெல்லாம் "ஃபேமிலியோட தங்கலாமா" என்று ஆரம்பிப்பார்கள். இப்போது தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் "இருபத்தி ரெண்டாம் தேதி ரூம் இருக்கா" என்றுதான் ஆரம்பிக்கிறார்களாம். நம்பிக்கை வந்த பிறகு கேட்கிற கேள்வி அது.

போன வாரம் மருமகன் போன் செய்தான். டிரைவர் படுக்கும் இடம், பால் காய்ச்சும் அடுப்பு, பட்டாசு விதி, இந்த மூன்றையும் ஆங்கிலப் பக்கத்திலும் சேர்க்க வேண்டுமாம். பெங்களூர்க்காரர் ஒருவர் தமிழ் தெரிந்த நண்பரிடம் படித்துக் கேட்டுவிட்டு, இதெல்லாம் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். இப்போது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக வேண்டிய வேலை. 'கூப்பிடு தூரம்' என்பதை அங்கே எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்லை மட்டும் எடுக்க மாட்டேன்.